ஒரு வட்டாரத்தின் வருமானத்தை எந்த எண் சொல்லும்?

வாடிக்கையாளர்களின் வருமானத்தைப் பற்றி வங்கியில் பேசும்போதெல்லாம் 'சராசரி' என்ற சொல் முதலில் வந்து நிற்கிறது. ஆனால் ஏலத்தோட்டங்களும் கூலிக் குடும்பங்களும் அருகருகே வாழும் உடும்பன்சோலை, பீர்மேடு போன்ற எல்லைப் பகுதிகளில் இந்த ஒரு சொல்லை நம்பிக் கணக்கிட்டால் முடிவு தவறிவிடும். பள்ளிக் கணக்கில் நாம் படித்த சராசரி, இடைநிலை, முகடு ஆகிய மூன்றில் எதை எப்போது எடுப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, ஏலமலையில் பதினொரு குடும்பங்கள் மட்டுமே உள்ள ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். மாத வருமானத்தை ஆயிரம் ரூபாய்க் கணக்கில் ஏறுவரிசையில் எழுதினால், 12, 12, 12, 14, 15, 16, 20, 22, 30, 47, 240 என்று வருகிறது. முதல் ஆறும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அடுத்து ஓர் ஆட்டோ ஓட்டுநரும் ஒரு மளிகைக்கடைக்காரரும் இருக்கிறார்கள். அதற்கடுத்த இருவர் சிறு ஏல விவசாயிகள். கடைசி வீடு பெரிய தோட்ட உரிமையாளருடையது.

எல்லாவற்றையும் கூட்டினால் 4,40,000 ரூபாய். பதினொன்றால் வகுத்தால் சராசரி 40,000 ரூபாய். வரிசையின் நடுவில், அதாவது ஆறாவது இடத்தில், நிற்கும் 16,000 ரூபாய் இடைநிலை. மிகுதியான முறை வந்த 12,000 ரூபாய் முகடு. ஒரே தெருவுக்கு மூன்று விடைகள் கிடைத்துள்ளன. மூன்றும் சரியானவையே, அவை விடை சொல்லும் கேள்விகள்தாம் வேறு வேறு.

தெரு முழுவதும் எவ்வளவு பணம் வருகிறது என்று அறிய வேண்டுமானால் சராசரிதான் வேண்டும். நாற்பதாயிரத்தைப் பதினொன்றால் பெருக்கினால் மொத்தத் தொகை திரும்பக் கிடைக்கும். இடைநிலையைப் பெருக்கினால் 1,76,000 ரூபாய்தான் வரும். பாதிக்கு மேல் காணாமற்போய்விடும். ஓர் இடத்தில் எவ்வளவு வைப்புத்தொகை திரளக்கூடும் என்று மதிப்பிடும் கிளைக்குச் சராசரி உதவுவது இதனால்தான்.

ஆனால் அங்கே வாழும் நடுத்தரமான ஒரு குடும்பத்தால் எவ்வளவு மாதத்தவணை கட்ட இயலும் என்பது வேறு கேள்வி. பதினொரு குடும்பங்களில் ஒன்பது, சராசரிக்குக் கீழே இருக்கின்றன. சராசரியில் நாற்பது விழுக்காட்டைத் தவணையாக வைத்தால் அது 16,000 ரூபாய். நடுவில் நிற்கும் குடும்பத்தின் மொத்த வருமானமும் அதேதான்! தவணைக்குப் போனபின் அடுப்பு எரிய ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கேள்விக்கு இடைநிலையே உரிய அளவு.

ஒரு கோடியில் சில பெருந்தொகைகள் இருந்து சராசரியைத் தம் பக்கம் இழுப்பதைப் புள்ளியியலில் 'கோட்டம்' என்பார்கள். வருமானத்துக்கு இது இயல்பு. கீழே பூச்சியம் என்ற தரை இருக்கிறது. மேலே கூரை இல்லை. சராசரி, இடைநிலையைவிடக் கணிசமாக உயர்ந்து நின்றால் கோட்டம் உண்டு என்று பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

காலமாற்றத்தைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஏலக்காய் விலை இறங்கி, தோட்ட உரிமையாளரின் வருமானம் 2,40,000 ரூபாயிலிருந்து 1,30,000 ஆகிவிட்டது என்று கொள்வோம். சராசரி 30,000 ஆகிறது. 'வருமானம் கால்பங்கு குறைந்தது' என்று அறிக்கை சொல்லும். ஆனால் மற்றப் பத்து வீடுகளிலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மாறாக, விலை நிலையாக இருந்து, மழையால் வேலைநாள் குறைந்து, ஆறு தொழிலாளர் குடும்பங்களும் ஆளுக்கு 2,000 ரூபாய் இழந்தால் சராசரி மூன்று விழுக்காடுகூடக் குறையாது. இடைநிலையோ 16,000 ரூபாயிலிருந்து 14,000 ஆகி, எட்டில் ஒரு பங்கு இறங்கிவிடும். பாதிக்குமேற்பட்ட வீடுகளின் துன்பத்தை அது காட்டிவிடுகிறது.

முகடு எங்கே பயன்படும்? ஒரே நாட்கூலி பலருக்கு வழங்கப்படும் தோட்டப்பகுதியில் ஒரே தொகை மீண்டும் மீண்டும் வருவதால் அதற்குப் பொருள் உண்டு. தொடர் வைப்புக்கு மிகுதியானோர்க்கு ஏற்ற தவணையை முடிவுசெய்ய அது வழிகாட்டும். ஆனால் வருமானத்தை வகுப்புகளாகப் பிரித்தால் எச்சரிக்கை வேண்டும். ஐயாயிரம் அகலமுள்ள வகுப்புகளில் நம் தெருவின் முகட்டு வகுப்பு 10,000 முதல் 15,000 வரை. பத்தாயிரம் அகலமாக்கினால் அது 10,000 முதல் 20,000 வரை. குடும்பங்கள் மாறவில்லை, நாம் கோடு போட்ட இடம்தான் மாறியது. அட்டவணையின் கடைசி வகுப்பு '40,000-க்கு மேல்' என்று திறந்திருந்தால் சராசரியைத் துல்லியமாகக் கணக்கிடவே இயலாது. அப்போதும் இடைநிலை எந்த வகுப்பில் இருக்கிறது என்று கண்டுவிடலாம்.

இடைநிலைக்கும் எல்லை உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து கூலிக் குடும்பங்கள் 12,000 முதல் 15,000 வரையும், ஐந்து தென்னந்தோப்புக் குடும்பங்கள் 50,000 முதல் 60,000 வரையும் பெறுவதாகக் கொள்வோம். நடுவிலுள்ள இரண்டு எண்களான 15,000, 50,000 ஆகியவற்றின் பாதி 32,500. அந்த வருமானமுள்ள குடும்பம் அங்கே ஒன்றுகூட இல்லை. இப்படி இரு திரளாகப் பிரிந்த இடத்தில் ஒரே எண்ணைத் தேடாமல், இரு பிரிவுக்கும் தனித்தனி இடைநிலை கொடுப்பதே நேர்மை.

நாடு தழுவிய ஆய்வுகளையும் இக்கண்கொண்டு படிக்கலாம். தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்று, ஊரகக் குடும்பம் ஒன்றின் சராசரிக் கடன் 59,748 ரூபாய் என்று 2018 ஜூன் 30 நிலவரப்படி கணித்தது. அதே ஆய்வில் கடனுள்ள ஊரகக் குடும்பங்கள் 35 விழுக்காடு மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடனே இல்லை என்பதால் இடைநிலை பூச்சியம், முகடும் பூச்சியம். கடன் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் சராசரி ஏறத்தாழ 1,70,000 ரூபாய். அறுபதாயிரத்தை ஒட்டிய அந்த எண், கடனற்றவரையும் காட்டவில்லை. கடன்பட்டவரின் சுமையையும் காட்டவில்லை.

இதே கணக்கை நம் வாடிக்கையாளர்கள் தம் சொந்த வருமானத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். சிறு ஏல விவசாயி ஒருவருக்குக் காய் எடுக்கும் ஐந்து மாதங்களில் மாதம் 54,000 ரூபாயும், எஞ்சிய ஏழு மாதங்களில் 6,000 ரூபாயும் வருவதாகக் கொண்டால், ஆண்டு வருமானம் 3,12,000 ரூபாய். மாதச் சராசரி 26,000. மாத இடைநிலை 6,000. மாதம் 10,000 ரூபாய்த் தவணை, சராசரியோடு ஒப்பிட்டால் இலேசாகத் தெரியும். ஆனால் ஏழு மாதங்களில் அது வருமானத்தையே மிஞ்சிவிடும். ஆகவே, எவ்வளவு கடன் தாங்கும் என்பதற்கு ஆண்டு மொத்தத்தையும், எந்த மாதத்தில் எவ்வளவு கட்டுவது என்பதற்கு மாதவாரியான வரவையும் காட்ட வேண்டும். கடன் விண்ணப்பத்தில் ஆண்டு வருமானத்தை மட்டும் எழுதி நிறுத்தாமல், பன்னிரண்டு மாத வரவையும் ஒரு தாளில் எழுதி இணைத்து, அறுவடையை ஒட்டிய தவணையைக் கேட்டுப் பெறுவது நல்லது.