பெட்டிக்குள் எலக்ட்ரான்: அந்த நெளிகோட்டை எப்படிப் படிப்பது?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. இயற்பியலில் சேரும் மாணவருக்கு டி ப்ராய் அலைநீளம் தெரியும். 54 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம் என்று கணக்குப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். அங்கே அலைவது எது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் வேலை இல்லை. குவாண்டம் வகுப்பின் முதல் ஸ்லைடுகளில் ψ என்ற எழுத்து வந்து நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. கூடவே ஒரு படமும் வரும்: இரண்டு பக்கமும் சுவர், நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக ஆற்றல் மட்டங்கள், ஒவ்வொரு மட்டத்தின் மேலும் ஒரு நெளிகோடு. ஒரு பரிமாணப் பெட்டியில் உள்ள துகளின் படம் அது. தப்பான நம்பிக்கைகள் பலவும் இந்தப் படத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

நம்பிக்கை: எலக்ட்ரான் அந்தக் கோட்டின் வழியே நெளிந்து நெளிந்து ஓடுகிறது.

இல்லை. அந்தக் கோடு பாதை அல்ல. பெட்டிக்குள் ஒவ்வொரு இடத்திலும் அலைச்சார்பு ψ-யின் மதிப்பு எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் படம் வரைந்த விதம். ஒரே செங்குத்து அச்சில் ஆற்றலையும் ψ-யையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால் முகட்டில் எலக்ட்ரானுக்கு ஆற்றல் கூடுகிறது, பள்ளத்தில் குறைகிறது என்று மாணவர் படித்துக்கொள்கிறார். ஒரு நிலையில் ஆற்றல் ஒன்றுதான். கோடு ஏறி இறங்கினாலும் அது மாறாது. ஆற்றலுக்கு ஒரு படம், ψ-க்கு ஒரு படம், |ψ|²-க்கு ஒரு படம் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டாலே இந்தச் சிக்கல் போய்விடும்.

நம்பிக்கை: ψ தான் நிகழ்தகவு.

இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர்களில் மாக்ஸ் போர்னும் ஒருவர். 1926-இல் அலைச்சார்புக்கு நிகழ்தகவுப் பொருள் தந்த கட்டுரையில், நிகழ்தகவை அலைச்சார்போடு நேரடியாகத்தான் அவர் முதலில் இணைத்திருந்தார். அச்சுப்படி திருத்தும்போது, துல்லியமாக யோசித்தால் அதன் இருமடிக்கே நிகழ்தகவு விகிதமாக இருக்கும் என்று ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். அலைச்சார்புக்கு அவர் தந்த அந்த விளக்கத்துக்காகவே முக்கியமாக 1954-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 

ஏன் இருமடி? ψ குறை எண்ணாகவும் வரும், நிகழ்தகவு வராது. ஆனால் அந்தக் குறைக்குறி தேவையில்லாத சுமை அல்ல. இரட்டைப் பிளவுச் சோதனையில் திரையின் ஒரு புள்ளிக்கு முதல் பிளவிலிருந்து ψ-யின் பங்கு 0.1, இரண்டாவதிலிருந்து −0.1 என்று வைப்போம். கூட்டினால் சுழி, அங்கே எலக்ட்ரானே விழாது. இரண்டும் 0.1 ஆக இருக்கும் புள்ளியில் கூட்டுத்தொகை 0.2, இருமடி 0.04. ஒரு பிளவு மட்டும் திறந்திருந்தால் கிடைத்த 0.01-ஐப் போல நான்கு மடங்கு. நிகழ்தகவுகளையே நேராகக் கூட்டியிருந்தால் இரண்டு புள்ளிகளிலும் 0.02 தான் வந்திருக்கும், வரிகளே தோன்றாது. ஆகவே முதலில் ψ-யைக் கூட்ட வேண்டும், பிறகுதான் இருமடி எடுக்க வேண்டும். வரிசை மாறினால் இயற்பியலே மாறிவிடும்.

ψ கலப்பெண்ணாக இருந்தால் இருமடி என்பது மட்டின் இருமடி. 3+4i என்றால் 9+16, அதாவது 25. பிளஸ் டூ கணக்கில் படித்ததே போதும்.

நம்பிக்கை: |ψ|² என்பது அந்தப் புள்ளியில் எலக்ட்ரான் இருக்கும் நிகழ்தகவு.

என் பார்வையில் இருப்பதிலேயே பிடிவாதமான தவறு இது. ஏனென்றால் பாதி சரி. 1 நானோமீட்டர் நீளமுள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். தாழ்நிலையில் நட்டநடுவே ψ-யின் மதிப்பு 1.41, இருமடி 2. நிகழ்தகவு 1-ஐத் தாண்டக்கூடாதே, 2 எப்படி வந்தது? வகுப்பில் இந்தக் கேள்வியை எழுப்பும் மாணவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

அந்த 2 நிகழ்தகவு அல்ல, நிகழ்தகவு அடர்த்தி. அதன் அலகு ‘ஒரு நானோமீட்டருக்கு’. 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 390 பேர், பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 320 பேர். மாவட்டத்தில் 390 பேர்தான் வாழ்கிறார்கள் என்று யாரும் இதைப் படிப்பதில்லை. பரப்பால் பெருக்கினால்தான் மக்கள்தொகை வரும். |ψ|² அப்படித்தான். எவ்வளவு அகலமான இடத்தில் தேடுகிறோம் என்று சொல்லிப் பெருக்கினால்தான் நிகழ்தகவு.

நடுவில் 0.1 நானோமீட்டர் அகலத்தில் தேடினால் 2 × 0.1 = 0.2, அதாவது ஏறத்தாழ 20 சதவீதம். இடதுசுவரிலிருந்து 0.25 நானோமீட்டர் தள்ளி ψ-யின் மதிப்பு 1. அங்கே அதே அகலத்தில் 10 சதவீதம். ψ சுமார் 70 சதவீதமாகத்தான் குறைந்தது, நிகழ்தகவோ பாதியானது. அகலமான பகுதிக்கு அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் தொகையிட வேண்டும். அப்படிச் செய்தால் நடுப்பாதியில் 82 சதவீதம், இரண்டு ஓரக் கால்பகுதிகள் ஒவ்வொன்றிலும் 9 சதவீதம். மொத்தம் 100. சுவருக்குச் சுவர் மோதி ஓடும் பந்தாக எலக்ட்ரான் இருந்திருந்தால் நடுப்பாதிக்கு 50 தான் கிடைத்திருக்கும்.

ஸ்லைடில் உள்ள எண் நிகழ்தகவா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அலகைப் பாருங்கள். அலகு இருந்தால் அது நிகழ்தகவு அல்ல.

நம்பிக்கை: எலக்ட்ரானே 82 பங்கு நடுவிலும் மீதி ஓரத்திலுமாகப் பிரிந்து கரைந்திருக்கிறது.

அலைச்சமன்பாட்டைத் தந்த ஷ்ரோடிங்கரே தொடக்கத்தில் மின்னூட்டம் இப்படிப் பரவியிருப்பதாகத்தான் நினைத்தார். ஆனால் அளக்கும் ஒவ்வொரு முறையும் முழு எலக்ட்ரான்தான் கிடைக்கிறது; அரை எலக்ட்ரான் யாருக்கும் கிடைத்ததில்லை. 1989-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் தொனோமுராவின் குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. ஒவ்வொன்றும் திரையில் ஒரே ஒரு புள்ளி வைத்தது. முதலில் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகே வரிகள் தெரிந்தன. 20 சதவீதத்துக்கும் இதுதான் பொருள்: ஒரே மாதிரி தயாரித்த 1000 பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒருமுறை பார்த்தால், ஏறக்குறைய 200-இல் எலக்ட்ரான் அந்த நடு இடத்தில் அகப்படும். எந்த 200 என்று முன்கூட்டிச் சொல்ல ψ உதவாது.

நம்பிக்கை: இரண்டாம் நிலையில் நடுவில் சுழி என்றால், எலக்ட்ரான் அதைத் தாண்டி மறுபக்கம் போகவே முடியாது.

‘தாண்டுவது’ என்ற எண்ணமே முதல் நம்பிக்கையின் மிச்சம். இங்கே பாதை எதையும் ψ தருவதில்லை. வலப்பாதியில் ψ குறை எண் என்பதால் அங்கே எலக்ட்ரானுக்குக் குறைவு வராது, இரண்டு பக்கமும் 50 சதவீதம்தான். சுழியும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும். அந்தக் கணுவைச் சுற்றி அதே 0.1 நானோமீட்டர் அகலத்தில் தேடினால் 0.6 சதவீதம் கிடைக்கும். முகட்டைச் சுற்றி 19 சதவீதம். சுரமானிக் கம்பியில் கணு பார்த்த மாணவருக்கு இந்தப் படத்தின் வடிவம் புதிதல்ல. கம்பியில் அந்த உயரத்தை அளவுகோல் வைத்து அளக்கலாம். இங்கே உயரத்தை இருமடியாக்கி, அகலத்தால் பெருக்கி, பல பெட்டிகளைத் திறந்து எண்ணித்தான் சரிபார்க்க வேண்டும்.