படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஏன்?

கேள்வி: புதிய டிவியிலும் சில படங்கள் திரை முழுவதும் தெரிவதில்லையே, டிவியில் கோளாறா? – வாசகர், ஹட்டன்

பதில்: கோளாறு இல்லை. படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் வேறாக இருப்பதே காரணம். அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது திரை விகிதம். இன்றைய டிவிக்கு அது 16:9, அதாவது 1.78.

ஹட்டன் போகும் வழியில் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957) சினிமாஸ்கோப் படம், விகிதம் 2.55. குவாய் படத்தை டிவியின் அகலத்துக்குப் பொருத்தினால் உயரத்தில் 70 சதவீதமே நிரம்பும். மீதி 30 சதவீதம் மேலும் கீழும் கறுப்பாக நிற்கும். அங்கே படமே இல்லை, ஆகவே எதுவும் மறைக்கப்படவில்லை.

ரிமோட்டில் ‘ஸூம்’ அழுத்தினால் பட்டை போய்விடும். கூடவே இரு ஓரங்களிலும் 15 சதவீதம் வீதம் படமும் போய்விடும். அகன்ற பாலத்தின் இரு முனைகளில் நிற்பவர்கள் காணாமல் போகலாம். ‘ஸ்ட்ரெச்’ இன்னும் மோசம்: வட்டமான சில்லு நீள்வட்டமாகிவிடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

4:3 வடிவிலான பழைய படங்களுக்குப் பட்டை பக்கவாட்டில் வரும். டிவி அமைப்பை 16:9 அல்லது ‘ஒரிஜினல்’ என்பதில் விட்டுவிடுங்கள்.