இரு வெடிகுண்டுக் காட்சிகள்: த்ரில்லர் படங்களில் நீள் ஷாட்டும் படத்தொகுப்பின் லயமும்

நீள் ஷாட் பொறுமையைக் கோரும், விரைவான வெட்டுகள் பதற்றத்தை உண்டாக்கும் என்னும் கருத்து திரைப்பட ஆய்வுகளில் பலகாலும் காணப்படுகிறது. இக்கருத்து பாதி உண்மையே. ஒரே வகையான ஆபத்தை, அதாவது பார்வையாளர் அறிந்ததும் கதைமாந்தர் அறியாததுமான வெடிகுண்டை, இரு இயக்குநர்கள் கையாண்ட முறையை ஒப்பிட்டால் இவ்விரு உத்திகளும் காலத்தைக் கையாளும் விதத்திலேயே வேறுபடுகின்றன என்பது புலனாகும்.

ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சபோட்டாஜ்’ (1936) படத்தில் ஸ்டீவி என்னும் சிறுவன், திரைப்படச் சுருள்களோடு ஒரு பொட்டலத்தையும் லண்டன் நகரின் வழியே எடுத்துச் செல்கிறான். பொட்டலத்தில் 1.45 மணிக்கு வெடிக்கும் குண்டு இருப்பதை அவன் அறியான். தெருவோர வணிகன் ஒருவன் தன் சரக்கை விளக்கிக் காட்ட அவனைப் பிடித்து நிறுத்துகிறான்; பின்னர் ஓர் ஊர்வலம் வழி மறிக்கிறது. இறுதியில் அவன் பேருந்தில் ஏறி, அருகிலுள்ள பயணியின் நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். இப்பகுதியில் பொட்டலம், கடிகாரம், நகராத போக்குவரத்து, சிறுவனின் முகம் ஆகியன மாறிமாறி வருகின்றன. பொட்டலம் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் காட்டப்படுவதில்லை. ஒரே கோணத்தில் காட்டினால் கண்ணுக்கு அது பழகி, வெறும் பொட்டலமாகிவிடும். கோணம் மாறுவதால் அது ஒவ்வொரு முறையும் புதிதாக எச்சரிக்கிறது.

முடிவை நெருங்க நெருங்க ஷாட்டுகள் குறுகுகின்றன. ஆனால் காலம் விரைவதில்லை, எதிர்மாறாக நீள்கிறது. ஒரு நிமிடத்துள் பல பொருள்களைக் காட்டுவதால் அந்நிமிடம் தன் அளவினும் பெரிதாகத் தோன்றுகிறது. எப்போது எதைப் பார்க்கவேண்டும் என்பதைத் தொகுப்பே தீர்மானிக்கிறது. கடிகாரத்தைக் காணும் பார்வையாளர், எஞ்சிய காலத்தை உறுதியாக அறிகிறார். இங்குப் பதற்றம் அறிவிலிருந்து பிறக்கிறது.

ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) இதற்கு நேரெதிரான வழியில் தொடங்குகிறது. ஒரு கை குண்டின் கடிகாரத்தை முடுக்குகிறது. அக்குண்டு ஒரு காரின் பின்பெட்டியில் வைக்கப்படுகிறது. ஓர் ஆணும் பெண்ணும் காரில் ஏறிச் செல்கின்றனர். ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் மெட்டியின் கிரேன் கேமரா கூரைக்கு மேலே எழுந்து, தெருவில் இறங்கி, மெக்சிகோ–அமெரிக்க எல்லைச் சாவடிவரை மூன்று நிமிடத்திற்கும் மேலாக ஒரு வெட்டுமின்றிப் பின்தொடர்கிறது. குண்டு முதலில் காட்டப்பட்டபின் மீண்டும் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. வெட்டு இல்லாமையால் திரையில் ஓடும் காலமும் குண்டினுள் ஓடும் காலமும் ஒன்றே. ஒரு வெட்டு இருந்திருப்பின், அங்குச் சில நொடிகள் கழிந்தனவோ சேர்ந்தனவோ என்னும் ஐயம் எழுந்து அக்கணக்கு தளர்ந்திருக்கும்.

அதனினும் நுட்பமானது கேமராவின் நாட்டம். அது காரை விட்டு, நடந்து செல்லும் புதுமணத் தம்பதியரான வர்காஸ், சூசன் ஆகியோரோடு சேர்ந்துகொள்கிறது. கார் சில வேளை அவர்களை முந்துகிறது. சில வேளை நெரிசலில் பின்தங்கிச் சட்டகத்திற்கு வெளியே போகிறது. தொகுப்பு முறையில் ஒரு வெட்டு, கார் எங்கே என்பதற்கு விடை தந்துவிடும். இங்கு அவ்விடை மறுக்கப்படுகிறது. சாவடியில் காரும் தம்பதியரும் அருகருகே நிற்கும் கட்டத்தில், தலைக்குள் ‘டிக் டிக்’ ஓசை கேட்பதாகக் காரிலிருக்கும் பெண் முறையிடுகிறாள், எவரும் பொருட்படுத்துவதில்லை. கார் சட்டகத்தை நீங்குகிறது. தம்பதியர் முத்தமிடும் தருணத்தில் வெடியோசை கேட்கிறது. அதன் பின்னரே முதல் வெட்டு வந்து எரியும் காரைக் காட்டுகிறது. அதுவரை வெட்டே இல்லாமையால் அவ்வெட்டு தானும் ஒரு வெடிப்பாகவே உணரப்படுகிறது. ‘சபோட்டாஜ்’ பேருந்துக் காட்சியில் எந்தத் தனி வெட்டும் இவ்வலிமையைப் பெற இயலாது.

இவ்விளைவு எளிதில் குலையக்கூடியது. 1958இல் வெளியான வடிவில் இந்த ஷாட்டின்மீது பெயர்ப்பட்டியலும் ஹென்றி மான்சினியின் இசையும் ஏற்றப்பட்டன. இசையின் சீரான தாளம், வெட்டு நீங்கிய இடத்தில் வேறொரு லயத்தைப் புகுத்தியது. எழுத்துகள் காரைத் தேடும் கண்ணைத் திசைதிருப்பின. வெல்ஸ் படநிறுவனத்திற்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டு வால்டர் மர்ச் 1998இல் மறுதொகுப்புச் செய்தபோது இவ்விரண்டும் நீக்கப்பட்டன. அவ்வடிவில் மதுக்கூடங்களின் இசை, கார் வானொலி, தெருவோசை ஆகியவையே கேட்கின்றன. கார் கண்ணுக்கு மறையும்போதும் அதன் வானொலி நெருங்குவதையும் விலகுவதையும் செவி கண்காணிக்கிறது. படச்சுருளில் ஒரு வெட்டையும் கூட்டாமல் குறைக்காமல், எழுத்துகளை நீக்கி ஒலியை மாற்றியதால் அதே ஷாட்டின் பதற்றம் மாறியது.

நீளம் மட்டுமே போதாது என்பதற்கு ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) சான்று. ஏறத்தாழ 80 நிமிடப் படம் மிகச் சில நீள் ஷாட்டுகளால் ஆனது. பல இணைப்புகள் நடிகரின் முதுகுப்புற இருளில் மறைக்கப்பட்டுள்ளன. அங்கு உரையாடலைப் பின்தொடர்ந்து கேமரா வெறுமனே அலையும் இடங்களில் பதற்றம் தளர்கிறது. பிணம் மறைக்கப்பட்ட பெட்டியின்மேலுள்ள பொருள்களைப் பணிப்பெண் ஒவ்வொன்றாக அகற்றும் காட்சியில் மட்டும் கேமரா அசையாது நிற்கிறது. விருந்தினரின் பேச்சு சட்டகத்திற்கு வெளியே தொடர, அவள் போய் மீளும் ஒவ்வொரு நடையும் பெட்டித் திறப்பை ஒரு படி நெருக்குகிறது. அங்கு வெட்டுகளின் லயத்தை அவளது நடையே ஏற்றுக்கொள்கிறது.