அடியின் அளவு மாறாமை

ஒரு வெளியின் பரிமாணம் மூன்று என்கின்றோம். அவ்வெளியின் அடியொன்றில் மூன்று காவிகள் உள என்பதே அதன் பொருள். ஆயின் ஒரு வெளிக்குரிய அடி ஒன்று மட்டுமன்று, பல உள. ஒருவர் கண்ட அடியில் மூன்று காவிகளும் மற்றொருவர் கண்ட அடியில் நான்கு காவிகளும் இருத்தல் கூடுமாயின், பரிமாணம் என்னும் சொல் பொருளற்றதாய் முடியும். அவ்வாறு நேராது என்பதை ஈண்டு நிறுவுவாம்.

முதற்கண் சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். அடி, தொடை என்பவற்றை ஈண்டு யாப்பிலக்கணத்துப் பொருளிற் கொள்ளற்க. தொடை என்பது காவிகளின் கூட்டம். காவிகளை எண்களாற் பெருக்கிக் கூட்டப் பெறுவது அவற்றின் சேர்மானம். வெளியிலுள்ள காவி ஒவ்வொன்றும் ஒரு தொடையின் சேர்மானமாகப் பெறப்படின், அத்தொடை வெளியைப் பிறப்பிக்கும் என்போம். ஒரு தொடையிலுள்ள எக்காவியும் ஏனையவற்றின் சேர்மானம் ஆகாதாயின், அது சாராத் தொடை எனப்படும். பிறப்பித்தலும் சாராமையும் ஒருங்கே உடைய தொடையே அடி.

நாம் நிறுவவேண்டுவது இது: n காவிகள் ஒரு வெளியைப் பிறப்பிப்பின், அவ்வெளியிலுள்ள சாராத் தொடை எதுவும் n இற்கு மேற்பட்ட காவிகளைக் கொண்டிராது.

இதன் வழியை ஓர் உதாரணத்தாற் காண்போம். மூன்று பரிமாண வெளியைப் பிறப்பிக்கும் தொடையாக e₁ = (1, 0, 0), e₂ = (0, 1, 0), e₃ = (0, 0, 1) என்பவற்றைக் கொள்க. சாராத் தொடையாக u₁ = (1, 1, 0), u₂ = (1, 2, 0), u₃ = (1, 2, 3) என்பவற்றைக் கொள்க. u காவிகளை ஒவ்வொன்றாக உள்ளே புகுத்தி, புகுத்துந்தோறும் ஒரு e காவியை வெளியேற்றுவோம்.

u₁ = e₁ + e₂. ஆதலின் e₁ = u₁ − e₂. e₁ ஐ நீக்கினும் அதனை எஞ்சியவற்றாற் பெறலாம். ஆகவே u₁, e₂, e₃ என்பன வெளியைப் பிறப்பிக்கும். ஈண்டு e₃ ஐ நீக்கியிருப்பின் பிழையாகும். u₁, e₁, e₂ ஆகிய மூன்றிலும் மூன்றாம் இடம் பூச்சியம்; அவற்றின் சேர்மானம் எதுவும் e₃ ஐத் தராது. எனவே, குணகம் பூச்சியமல்லாத காவியையே நீக்கல் வேண்டும்.

அடுத்து, u₂ = u₁ + e₂. e₂ = u₂ − u₁ என்பதால் e₂ நீங்க, u₁, u₂, e₃ நிற்கின்றன. இறுதியாக, u₃ = u₂ + 3e₃. ஈண்டு e₃ = (u₃ − u₂)/3. அதுவும் நீங்கியது. u₁, u₂, u₃ என்பனவே இப்போது வெளியைப் பிறப்பிக்கின்றன. நான்காவதாக u₄ ஒன்று இருப்பின், அஃது இம்மூன்றின் சேர்மானமாகும். அவ்வாறாயின் u தொடை சாராத் தொடை அன்று.

பொதுவில் இம்முறை இடையில் நின்றுவிடாதோ எனின், நில்லாது. புதிய u காவியை, முன்பு புகுந்த u காவிகளினதும் எஞ்சிய e காவிகளினதும் சேர்மானமாக எழுதுக. அதில் e காவிகளின் குணகங்கள் யாவும் பூச்சியமாயின், புதிய u முன்பு புகுந்த u காவிகளின் சேர்மானமாகிவிடும். அது சாராமைக்கு முரண். எனவே நீக்கத்தக்க e ஒன்றேனும் எப்போதும் உண்டு. மேற்காட்டிய உதாரணத்தில் u₂ இற்குப் பதிலாக (2, 2, 0) ஐ எடுத்திருப்பின், அது 2u₁ ஆதலின், நீக்குதற்குரிய e எதுவும் கிடைத்திராது. சாராமை பயன்படுமிடம் இதுவே.

இனி ஓர் அடியில் m காவிகளும் மற்றோர் அடியில் n காவிகளும் உளவெனக் கொள்க. முன்னதைச் சாராத் தொடையாகவும் பின்னதைப் பிறப்பிக்கும் தொடையாகவும் நோக்கின் m ≤ n. அவற்றை மாற்றி நோக்கின் n ≤ m. ஆகவே m = n.

இந்நிறுவலில் வகுத்தல் மறைந்துநிற்றலைக் காண்க. மூன்றாம் படியில் 3 ஆல் வகுத்தோம். முழுவெண்களே குணகங்களாயின் இவ்வழி செல்லாது. 2, 3 என்னும் இரண்டும் முழுவெண்கள் அனைத்தையும் பிறப்பிக்கும்; ஏனெனில் 3 − 2 = 1. இரண்டில் ஒன்றை நீக்கின் மற்றையது போதாது. ஆயினும் 1 என்னும் ஒன்றே தனித்து அனைத்தையும் பிறப்பிக்கும். குறைக்கவியலாத இரு தொடைகள். ஒன்றில் இரண்டு உறுப்புகள், மற்றதில் ஒன்று! வகுத்தல் இயலும் எண்களைக் குணகமாகக் கொண்ட வெளியில், பிறப்பிக்கும் தொடை குறைக்கவியலாததாயின் அது சாராத் தொடையுமாம். ஈண்டோ 3·2 − 2·3 = 0 என்னும் சார்பு இருந்தும், எதனையும் நீக்க இயலவில்லை.

ஜெர்மானியக் கணித அறிஞர் ஸ்ரைனிற்ஸ் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் இம்முறை அவர் பெயர் பெற்றது. எனினும் கிறாஸ்மன் 1862ஆம் ஆண்டு நூலிலேயே இக்கருத்தைக் கூறியுள்ளார்.