எக்ஸெல் பாடம்: காலி செல்கள் சொல்லும் பொய்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அதே 24 மணி நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்தில் பதிவானது 35 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களை நினைவுபடுத்தத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் வீட்டின் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது, மோட்டாரை எந்த உயரத்தில் வைப்பது என்று யோசிப்பவர்கள் மழைக் கணக்கைத் தேடுகிறார்கள். கிடைத்ததை எக்ஸெலில் போட்டு சராசரி பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் சில நாட்கள் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாதம் செய்து பார்ப்போம்.

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரியில் தலைப்புகளையும், அடுத்த வரியில் தொடங்கி கீழே உள்ள எண்களையும் டைப் செய்யுங்கள். இவை உண்மையான பதிவுகள் அல்ல. கணக்கு எளிதாக இருக்க நானே எழுதிய பத்து நாட்கள். மழை மில்லிமீட்டரில் உள்ளது.

```
நாள்  மீனம்பாக்கம்  தாம்பரம்
1      0       0
2      5       6
3      60      70
4      80      100
5      10      12
6      0       0
7      50      62
8      70      80
9      5       6
10     0       0
```

நாள் A நெட்டு வரிசையிலும், மீனம்பாக்கம் B-யிலும், தாம்பரம் C-யிலும் வர வேண்டும். B12 செல்லில் கீழே உள்ள பார்முலாவை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு அதை C12-க்கு காப்பி செய்யுங்கள்.

```
=AVERAGE(B2:B11)
```

மீனம்பாக்கத்துக்கு 28, தாம்பரத்துக்கு 33.6 என்று விடை வரும். தாம்பரத்தில்தான் மழை அதிகம். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது தாம்பரத்தில் இரண்டு நாள் கணக்கு தொலைந்து விட்டதாக வைத்துக் கொள்வோம். எப்படித் தொலைந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வகை: மழைக்கும் தொலைந்ததற்கும் சம்பந்தமே இல்லை. நோட்டில் இருந்து பார்த்து டைப் செய்தவர் இரண்டு வரிகளைத் தாண்டி விட்டார், அவ்வளவுதான். 1 முதல் 10 வரை சீட்டு எழுதிப் போட்டு இரண்டை எடுங்கள். வந்த நாட்களின் தாம்பரம் எண்ணை Delete கீயால் அழியுங்கள். 1-ஆம் நாளும் 10-ஆம் நாளும் வந்தால் C12-ல் சராசரி 42 ஆகும். 4-ம் 9-ம் வந்தால் 28.75 ஆகும். ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இரண்டு நாட்களை மொத்தம் 45 விதமாக அழிக்கலாம். பொறுமை இருந்தால் 45 தடவையும் செய்து, அந்த 45 விடைகளுக்கும் சராசரி பாருங்கள். மிகச் சரியாக 33.6 வரும். ஆக, இந்த வகையில் ஒரு தனி விடை தவறலாம். ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறாது. நாட்கள் அதிகமாக இருந்தால் ஆட்டமும் குறைந்து விடும்.

இரண்டாவது வகை: அழித்த எண்களை மறுபடி போட்டு விட்டு, 3, 4-ஆம் நாட்களின் தாம்பரம் எண்களை, அதாவது C4, C5 செல்களை அழியுங்கள். மழைமானி இருக்கும் இடத்துக்கு ஆள் போய் அளவெடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் சாலையில் முழங்கால் தண்ணீர், போக முடியவில்லை. இப்போது C12-ல் 20.75 வருகிறது. மீனம்பாக்கம் அதே 28.

முடிவு தலைகீழாகி விட்டது பாருங்கள்! முழுக் கணக்கில் தாம்பரம் அதிகம், இதில் மீனம்பாக்கம் அதிகம். எக்ஸெல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. AVERAGE காலி செல்லைத் தாண்டிப் போய், மீதி எட்டு நாட்களால் வகுத்து விடும். சிலர் காலி செல்லில் 0 போட்டு விடுவார்கள். அப்போது 16.6 வரும், இன்னும் மோசம். மழை பெய்யவில்லை என்பதும் மழை அளக்கப்படவில்லை என்பதும் ஒன்றல்ல.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-ல் எழுதிய கட்டுரைதான் இந்தப் பாகுபாட்டுக்கு அடிப்படை. முதலாவதை முற்றிலும் தற்செயலாக விடுபட்டது என்றும், இரண்டாவதை வேறு நெட்டு வரிசையைச் சார்ந்து விடுபட்டது என்றும் நாம் சொல்லலாம். இங்கே அந்த வேறு வரிசை மீனம்பாக்கம். அங்கே கன மழை என்றால் தாம்பரம் காலியாகும் வாய்ப்பு கூடுகிறது.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்து கொள்வது? தாம்பரம் காலியாக உள்ள நாட்களில் மீனம்பாக்கத்தின் சராசரியையும், காலியாக இல்லாத நாட்களில் அதன் சராசரியையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

```
=AVERAGEIF(C2:C11,"=",B2:B11)
=AVERAGEIF(C2:C11,"<>",B2:B11)
```

எக்ஸெல் 2007-க்கு முந்தைய பதிப்புகளில் இந்த பார்முலா கிடையாது. முதலாவதற்கு 70, இரண்டாவதற்கு 17.5 என்று விடை வரும். விடுபட்டது தற்செயல் என்றால் இரண்டும் ஏறக்குறைய பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இவ்வளவு இடைவெளி இருந்தால் வெறும் சராசரியை நம்பக் கூடாது. பத்தே நாளில் சிறு வித்தியாசம் வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவும் வேண்டாம். ஒரு பருவம் முழுவதும் உள்ள பட்டியலில்தான் இந்தச் சோதனை நன்றாகப் பேசும்.

சுலபமான வழி ஒன்று, இரண்டு ஊருக்கும் கணக்கு உள்ள எட்டு நாட்களை மட்டும் ஒப்பிடுவது. மீனம்பாக்கம் 17.5, தாம்பரம் 20.75. எந்த ஊரில் அதிகம் என்பது சரியாகி விட்டது. ஆனால் இரண்டு அளவுமே உண்மையை விடக் குறைவு. கன மழை நாட்கள் இரண்டு போய் விட்டனவே.

அளவும் வேண்டுமென்றால், தாம்பரத்தைக் காலியாக்கிய அதே மீனம்பாக்கத்தையே உதவிக்குக் கூப்பிட வேண்டும். D2 செல்லில் இதை டைப் செய்து, D11 வரை இழுத்து விடுங்கள்.

```
=IF(C2="",FORECAST(B2,C$2:C$11,B$2:B$11),C2)
```

கணக்கு உள்ள எட்டு நாட்களில் இரண்டு ஊர் மழைக்கும் உள்ள தொடர்பை FORECAST ஒரு நேர்கோடாக எடுத்துக் கொள்கிறது. அதை வைத்துக் காலி நாட்களை நிரப்புகிறது. D4-ல் சுமார் 70.5, D5-ல் சுமார் 94 வரும். D வரிசையின் சராசரி சுமார் 33.05. உண்மை 33.6. மோசமில்லை! மீனம்பாக்கத்தில் கன மழை பெய்தும் தாம்பரத்தில் அளவெடுத்த 7, 8-ஆம் நாட்கள் பட்டியலில் இருந்ததால்தான் இது முடிந்தது. அவையும் போயிருந்தால் தூறல் நாட்களை வைத்துப் புயல் நாளைக் கணிக்க வேண்டி வந்திருக்கும்.

நிரப்பிய எண்களை D-யிலேயே வைத்திருங்கள், C-யில் மேலெழுத வேண்டாம். எது அளந்தது, எது கணித்தது என்று பிறகு தெரியாமல் போகும். கணித்த எண்கள் கோட்டின் மேலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கும், உண்மை மழை அப்படி இருக்காது. எனவே சராசரிக்கு D-யை எடுத்துக் கொள்ளலாம். மிக அதிக மழை எவ்வளவு என்ற கேள்விக்கு அது உதவாது. இதே கோட்டில் மீனம்பாக்கத்துக்கு 350 மி.மீ. கொடுத்தால் தாம்பரத்துக்குச் சுமார் 410 என்று சொல்லும். அந்த டிசம்பரில் பதிவானதோ 490.

ரூபின் சொன்ன மூன்றாவது வகையும் உண்டு. மீனம்பாக்கத்தில் சாதாரண மழை, தாம்பரத்தில் மட்டும் கொட்டி, அதனாலேயே மழைமானி மூழ்கி அளவு போய் விட்டது என்றால், காரணம் தொலைந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன AVERAGEIF சோதனையில் இது பிடிபடாது, FORECAST-ம் குறைத்தே நிரப்பும். அதற்கு எக்ஸெலில் பார்முலா இல்லை. பதிவு நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே யாராவது காரணம் எழுதியிருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். நீங்களே பதிவு வைப்பவராக இருந்தால், E நெட்டு வரிசைக்கு ‘காரணம்’ என்று தலைப்புக் கொடுத்து, காலி விடும் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வார்த்தை எழுதி வையுங்கள்.