ஜனவரிக் குளிரில் மின்கார்: புறப்படும் முன் செயலியில் செய்யவேண்டியவை

ரொறன்ரோவில் விடியற்காலை மைனஸ் 15 பாகைக்கு இறங்கும் காலம் இது. வெளியே இரவு முழுவதும் நின்ற மின்காரில் கண்ணாடியில் பனி இறுகியிருக்கும், இருக்கை உறைந்திருக்கும். இதையெல்லாம் நாம் கண்ணால் காண்கிறோம். காரின் அடியில் இருக்கும் பற்றரியும் அதே அளவு குளிர்ந்திருப்பதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குளிர்ந்த லித்தியம் பற்றரிக்குள் அயனிகள் மெதுவாகவே நகரும். அந்த நிலையில் வேகமாக மின்சாரம் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகக் கெடும். அதனால் வேகம் குறையும்போது பற்றரிக்குத் திரும்பும் மின்சாரத்துக்கும் காரின் கணினியே கட்டுப்பாடு போட்டுவிடும். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் கார் வழக்கம்போல் தானாக வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டே போனால் காரணம் இதுதான். டெஸ்லாவின் திரையில் நீலப் பனித்துகள் அடையாளம் தெரிந்தாலும் அதே பொருள். பழக்கமில்லாதவர் முதல் சிவப்பு விளக்கில் திடுக்கிடுவார்.

எனவே புறப்படுவதற்கு 30 முதல் 45 நிமிடங்களுக்கு முன் செயலியில் ஹீற்றரைப் போடுங்கள். அதற்கு முன் காரை பிளக்கில் மாட்டியிருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சுமார் 450 கிலோ எடையுள்ள பற்றரியை 20 பாகை சூடாக்க ஏறத்தாழ இரண்டரை கிலோவாட் மணி மின்சாரம் தேவை. கண்ணாடிப் பனியை உருக்கி உட்புறத்தைச் சூடாக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். 240 வோல்ட் வீட்டுச் சார்ஜர் 7 கிலோவாட் அளவுக்குத் தரும். அது தாராளமாகப் போதும். சாதாரண 120 வோல்ட் சுவர் பிளக்கில் வருவதோ ஒன்றரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. அதில் மாட்டியிருந்தாலும் மீதியைக் கார் தன் பற்றரியிலிருந்தே எடுக்கும். அப்படிப்பட்ட வீட்டில் சூடாக்கலைச் சற்று முன்கூட்டியே தொடங்குங்கள்.

எல்லாக் கார்களும் ஒன்றல்ல. டெஸ்லாவில் செயலியில் ஹீற்றரைப் போட்டால் தேவைப்படும்போது பற்றரியும் சேர்ந்தே சூடாகும். வேறு பல கார்களில் அந்தப் பொத்தான் உட்புறத்தை மட்டுமே சூடாக்கும். பற்றரிக்குத் தனி அமைப்பு இருக்கும், அல்லது இருக்காது. கையேட்டில் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஸ்காபரோவிலிருந்து ஒட்டாவாவுக்குப் புறப்பாடு. 75 கிலோவாட் மணிப் பற்றரி, இரவில் 50 சதவீதம் இருக்கிறது, 90 ஆக்க வேண்டும். 7 கிலோவாட் சார்ஜரில் இதற்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். மலிவான இரவுக் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள் அது தொடங்கும் 11 மணிக்கே சார்ஜை ஓடவிடுவார்கள். அது மூன்றரைக்கு முடிந்துவிடும். சார்ஜ் ஏறும்போது பற்றரிக்கு வந்த சூடு ஏழு மணிக்குள் ஓரளவு ஆறிவிடும். 2 மணிக்குத் தொடங்குமாறு வைத்தால் ஆறரைக்கு முடியும், அந்தச் சூடும் கைகொடுக்கும். மலிவு நேரம் காலை 7 வரை இருப்பதால் செலவும் கூடாது. செயலியில் புறப்படும் நேரத்தை 7 என்று பதிந்துவிட்டால் போதும், அதிகாலையில் எழுந்து கைப்பேசியைத் தேட வேண்டியதில்லை.

வழியில் பெல்வில்லில் விரைவுச் சார்ஜ் செய்வதாக இருந்தால், அந்த நிலையத்தைக் காரின் சொந்த வழிகாட்டியில் இலக்காகப் போடுங்கள். அந்த வசதியுள்ள கார் அப்போதுதான் அங்கே போய்ச் சேருமுன் பற்றரியைச் சார்ஜுக்கு ஏற்ற சூட்டுக்குக் கொண்டுவரும். கைப்பேசியின் வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று காருக்குத் தெரியாது. சார்ஜ் மெதுவாக ஏறும். பலர் பழியைச் சார்ஜர்மேல் போடுவார்கள்.

பக்கத்துக் கடைக்குப் போய்வர இவ்வளவும் வேண்டாம். பிளக்கில் இல்லாத காரை மூன்று கிலோமீற்றர் ஓட்டுவதற்காக முக்கால் மணி நேரம் சூடாக்கினால் ஓட்டத்தைவிடச் சூட்டுக்கே கூடுதல் மின்சாரம் போகும். கண்ணாடி தெளியும்வரை ஐந்து, பத்து நிமிடம் ஹீற்றரைப் போட்டு, பிறகு இருக்கைச் சூட்டோடு ஓட்டுங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிறுத்துபவர்களுக்குச் செயலி சில வேளை காரை எட்டாது. அவர்கள் முதல் நாளே காரின் திரையில் நேரத்தைப் பதிந்து வைக்கலாம்.

மின்காருக்குப் புகைபோக்கி இல்லாததால் கராஜ் கதவு மூடியிருந்தாலும் சூடாக்கலாம். அதே வீட்டில் பெற்றோல் காரும் இருந்தால், அந்தப் பழக்கத்தில் அதை மூடிய கராஜுக்குள் ரிமோட்டால் இயக்கிவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வீட்டுக்குள் வருவது யாருக்கும் தெரியாது.