விடுப்புக் காலமும் தகுதிப் பணிக்காலமும்

புதுச்சேரி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மத்தியக் குடிமைப் பணி விதிகளே பொருந்துகின்றன. அவ்விதிகளின்படி, விடுப்பு தகுதிப் பணிக்காலத்தில் சேருமா என்பதை முதலில் தீர்மானிப்பது அந்த விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்பதுதான்.

ஈட்டிய விடுப்பு, அரைச் சம்பள விடுப்பு போன்று விடுப்புச் சம்பளம் தரப்படும் விடுப்புகள் அனைத்தும் சேரும். கல்வி விடுப்பும் இவ்வகைதான். பணிக்காலம் முழுவதற்கும் பொதுவாக 24 மாதங்கள் வரை பெறக்கூடிய இந்த விடுப்பு, ஓய்வூதியத்துக்கு முழுமையாகக் கணக்கிடப்படும். 'ஓய்வுக்கல்வி விடுப்பு' என்று பல்கலைக்கழகங்களில் வழங்குவதற்கு நம் விடுப்பு விதிகளில் தனிப் பெயர் இல்லை. ஆணையில் எந்த வகை விடுப்பாக அனுமதிக்கப்பட்டதோ, அந்த வகையின் விதியே பொருந்தும்.

சிக்கல் எழுவது ஊதியமில்லா அசாதாரண விடுப்பில்தான். மருத்துவச் சான்றின் பேரில் எடுத்திருந்தால் அது சேரும். சொந்தக் காரணங்களுக்காக எடுத்திருந்தால் சேராது. உள்நாட்டுக் கலவரத்தால் பணியில் சேர இயலாத நிலையிலும், உயர் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்காகவும் எடுக்கும் ஊதியமில்லா விடுப்பை, நியமன அலுவலர் விடுப்பு வழங்கும்போதே கணக்கில் சேர்க்க அனுமதிக்கலாம். 'படிக்கத்தான் போனேன்' என்று ஓய்வு பெறும் நேரத்தில் சொல்வது போதாது.

2004 ஜனவரி 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பத்து ஆண்டு தகுதிப் பணி இருந்தாலே ஓய்வூதியம் 50 விழுக்காடு கிடைத்துவிடும். எனவே சில மாதக் குறைவு மாத ஓய்வூதியத்தைப் பாதிக்காது. அது பாதிப்பது பணிக்கொடையை. ஒவ்வோர் அரையாண்டுக்கும் கடைசி அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு வழங்கப்படுகிறது. அரையாண்டு முழுமையாகாமல் எஞ்சும் மாதங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அவை ஓர் அரையாண்டாகும். மூன்றுக்குக் குறைந்தால் விடப்படும்.

ஓர் ஆசிரியை சரியாக 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறுகிறார் என்று கொள்வோம். கடைசி ஊதியமும் அகவிலைப்படியும் ரூ.1,20,000. இடையில் 24 மாதங்கள் கல்வி விடுப்பும், சொந்தக் காரணத்துக்காக 10 மாதங்கள் ஊதியமில்லா விடுப்பும் எடுத்திருக்கிறார். கல்வி விடுப்பால் இழப்பில்லை. பத்து மாதங்களைக் கழித்தால் 29 ஆண்டு 2 மாதம். எஞ்சும் 2 மாதம் விடப்படுவதால் 58 அரையாண்டுகள், பணிக்கொடை ரூ.17,40,000. விடுப்பு ஒன்பது மாதமாக இருந்திருந்தால் 29 ஆண்டு 3 மாதம், அதாவது 59 அரையாண்டுகள், ரூ.17,70,000. ஒரு மாத விடுப்பின் விலை ரூ.30,000. அதே பத்து மாதமும் மருத்துவச் சான்றுடன் எடுத்ததாக இருந்தால் 60 அரையாண்டுகளும் சேர்ந்து ரூ.18,00,000 கிடைத்திருக்கும்.

ஆகவே ஊதியமில்லா விடுப்பு எடுத்தவர்கள் பணிப்பதிவேட்டில் மூன்றைப் பார்க்க வேண்டும்: விடுப்பின் தொடக்கமும் முடிவும், 'மருத்துவச் சான்றின் பேரில்' என்ற குறிப்பு, ஆணையின் எண்ணும் நாளும். மருத்துவச் சான்று கொடுத்தும் குறிப்பு விடுபட்டிருந்தால், ஆணையின் நகலை இணைத்து இப்போதே திருத்தம் கோருங்கள். ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் நேரத்தில் பழைய கோப்பைத் தேடி எடுப்பது கடினம்.